ஜம்ப் பட்டன் பிழையையே கடிதமாக்குங்கள்

கேள்வி: பி.இ. முடித்துவிட்டு ஜூனியர் கேம்ப்ளே புரோகிராமர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். கையில் இருப்பது யூனிட்டியில் செய்த ஒரு 2டி பிளாட்ஃபார்மரும், ஒரு கேம் ஜாம் கேமும்தான். ஜம்ப் பட்டன் அவ்வப்போது வேலை செய்யாமல் போனதைச் சரிசெய்தேன். மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. கவர் லெட்டரில் என்ன எழுதுவது?

பதில்: அந்த ஜம்ப் பட்டனைத்தான் எழுத வேண்டும். பட்டனை அழுத்தியதும் கேரக்டர் சொன்னபடி கேட்கிறதா என்று பார்ப்பதுதான் இந்த வேலையே. “சின்ன வயதிலிருந்தே கேம் என்றால் உயிர்” என்ற வரி எல்லார் கடிதத்திலும் இருக்கும், உங்களுடையதில் வேண்டாம்.

“ஜம்ப் பிழையைச் சரிசெய்தேன்” என்று மட்டும் எழுதினால் அதில் ஒன்றும் தெரியாது. காரணத்தையும் எழுதுங்கள். உங்கள் பிழை பெரும்பாலும் இதுவாக இருக்கும்: `Input.GetButtonDown` ஒரே ஒரு ஃப்ரேமில்தான் உண்மை என்று சொல்லும். அதை `FixedUpdate`-க்குள் படித்திருப்பீர்கள். அது வழக்கமான அமைப்பில் 0.02 விநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு 50 தடவைதான் ஓடும். கேம் 144 ஃப்ரேமில் ஓடினால் பாதிக்கு மேற்பட்ட ஃப்ரேம்களில் அது ஓடாது. அந்த நேரத்தில் அழுத்தியது காணாமல் போகும். வேகமான கணினியில்தான் பிழை அதிகம் தெரியும் என்பது இதில் வேடிக்கை.

கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதுவீர்கள். சாரம் இப்படி இருக்கட்டும்:

“என் பிளாட்ஃபார்மரில் சில ஜம்ப்கள் பதிவாகவில்லை. இன்புட்டை `FixedUpdate`-இல் படித்ததுதான் காரணம். அதை `Update`-க்கு மாற்றி, அழுத்திய நேரத்தைச் சேமித்து, 0.1 விநாடிக்குள் கால் தரையைத் தொட்டாலும் ஜம்ப் ஆகும்படி செய்தேன். டிசைனர் மாற்றிப் பார்க்க வசதியாக அந்த எண்ணை இன்ஸ்பெக்டரில் வைத்திருக்கிறேன்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். டிசைனரோடு வேலை பார்க்கத் தெரிந்தவர் என்பதை அது ஒன்றே காட்டும். இதற்குக் கீழே, அந்த ஸ்டுடியோவின் கேம் ஒன்றை விளையாடிவிட்டு, அதன் கேமராவைப் பற்றியோ சண்டையைப் பற்றியோ நீங்களே கவனித்த ஒன்றை இரண்டு வரியில் சேருங்கள். ஜாம் கேமுக்கு ஒரு வரி போதும். குழுவில் உங்கள் பங்கு எது என்று மட்டும் சொல்லுங்கள். மொத்தம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

லிங்க் பிரவுசரிலேயே விளையாடக்கூடிய பில்டுக்குப் போகட்டும். ஜிப் ஃபைலை இறக்கி ஓட்டிப் பார்க்கப் பலர் மெனக்கெட மாட்டார்கள். அனுப்புமுன் இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பாருங்கள். itch.io பக்கம் டிராஃப்ட்டாகவோ, கிட்ஹப் ரெப்போ பிரைவேட்டாகவோ இருந்தால் உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

எழுதியதைப் பற்றி இன்டர்வியூவில் நிச்சயம் கேட்பார்கள். “ஃபிக்ஸட் டைம்ஸ்டெப்பைக் குறைத்திருந்தால் முடிந்திருக்குமே?” என்றால், பிசிக்ஸ் கணக்கு கூடி சாதாரண போன் திணறும், ஃப்ரேம் ரேட் அதைவிட ஏறினால் அதே பிழை திரும்ப வரும் என்று சொல்லுங்கள்.