கிரிப்டோ எத்தனை சதவீதம்? சில கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: மொத்த முதலீட்டில் கிரிப்டோ எவ்வளவு இருக்கலாம்? சுத்தி வளைக்காம ஒரு எண் சொல்லுங்க.

அதிகபட்சம் 3%. ஒன்றுமே இல்லாவிட்டாலும் குறையில்லை.

இந்த எண் எவ்வளவு லாபம் வரும் என்ற கணக்கிலிருந்து வரவில்லை. அப்படிக் கணக்கிட வழியும் இல்லை. பங்குக்குப் பின்னால் ஒரு நிறுவனத்தின் லாபம் இருக்கிறது, பத்திரத்துக்கு வட்டி இருக்கிறது. பிட்காயின் எதையும் சம்பாதிப்பதில்லை. அடுத்து வாங்குகிறவர் என்ன விலை கொடுப்பார் என்பதுதான் எல்லாம். ஆனால் எவ்வளவு விழும் என்பதைப் பார்த்திருக்கிறோம். 2017 டிசம்பரில் 20,000 டாலரை நெருங்கியது, ஒரே வருடத்தில் 3,200 டாலர் பக்கம் வந்தது. 2021 நவம்பரில் 69,000 டாலர் அளவில் இருந்தது, அடுத்த நவம்பரில் 16,000க்கும் கீழே போனது. அதனால் 80% விழும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுவேன்.

உங்களிடம் 100 இருக்கிறது, அதில் 30 கிரிப்டோ. அது 80% விழுகிறது, மற்றதும் அதே சமயம் 20% விழுகிறது. 24, அப்புறம் 14, ஆக 38 போச்சு. மிச்சமுள்ள 62 மறுபடி 100 ஆக 61% ஏற வேண்டும். கிரிப்டோ 3 மட்டும் என்றால் மொத்த இழப்பு சுமார் 22. பழைய இடத்துக்கு வர 28% போதும். கிரிப்டோவே இல்லாதவருக்கும் இதே சரிவில் 20 போயிருக்கும், வித்தியாசம் அவ்வளவுதான்.

கேள்வி: பங்குச் சந்தையும் கிரிப்டோவும் வேற வேற பாதையில போகும். அப்ப கூடுதலா வச்சாதானே ரிஸ்க் குறையும்?

பாதி சரி. அமைதியான காலங்களில் இரண்டும் தனித்தனியாகப் போனதுண்டு. ஆனால் 2020 மார்ச்சில் பங்குகள் சரிந்த அதே நாட்களில் பிட்காயின் இரண்டே நாளில் ஏறக்குறைய பாதியானது. 2022இலும் இரண்டும் சேர்ந்தே இறங்கின. பணம் அவசரமாகத் தேவைப்படும்போது எல்லாரும் கையில் இருப்பதையெல்லாம் விற்கிறார்கள். குடை மழையன்று மட்டும் விரிய மறுக்கிறது என்றால் அதைக் குடைக் கணக்கில் சேர்க்க முடியுமா?

இன்னொன்று. கிரிப்டோ பங்கைப் போல நான்கு மடங்கு ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் முதலீட்டில் 10% அதில் இருந்தால், இரண்டும் சேர்ந்து விழும் நாளில் மொத்த ஆட்டத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதிலிருந்து வரும்.

கேள்வி: நான் 3%தான் போட்டேன். அது அஞ்சு மடங்காயிடுச்சு. விற்க மனசே வரல.

எனக்கும் வந்ததில்லை, ஒருமுறை அதற்கு விலையும் கொடுத்தேன். உங்கள் 3 இப்போது 15. மற்றது 97 அப்படியே இருந்தால், கிரிப்டோ 13%ஐத் தாண்டிவிட்டது. நீங்கள் புதிதாக எதுவும் வாங்கவில்லை, ஆனால் இப்போது வேறொரு முதலீட்டாளர் ஆகிவிட்டீர்கள்.

இப்போது 11.6ஐ விற்று 3%க்குக் கொண்டுவந்தால், அடுத்த 80% சரிவுக்குப் பிறகு விற்ற பணத்தோடு சேர்த்து சுமார் 12.3 கையில் நிற்கும். விற்காவிட்டால் மறுபடி அதே 3. சரி, விலை இன்னும் ஏறினால்? விற்ற பகுதியின் லாபம் போகும், அதை மறுக்கவில்லை. நான் 6%ஐத் தொட்டால் 3%க்கு வெட்டுவேன் என்று முன்பே எழுதி வைத்திருக்கிறேன். விலை ஏறும்போது யோசிக்கிற மூளையை நான் நம்புவதில்லை.

கேள்வி: என்னோட 40% ஸ்டேபிள்காயின்ல இருக்கு, விலை ஆடவே ஆடாது. இதெல்லாம் எனக்குப் பொருந்தாதுல்ல?

விலை ஆட்டத்தைப் பற்றி நான் சொன்னது உங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஆனால் உங்கள் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. டெர்ராவின் யூஎஸ்டி என்ற ஸ்டேபிள்காயினும் எப்போதும் ஒரு டாலர் என்றுதான் சொல்லப்பட்டது. 2022 மே மாதம் அந்தப் பிடி அறுந்தது, திரும்பவே இல்லை. டாலர் இருப்பு வைத்திருக்கும் யூஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயின்கூட 2023 மார்ச்சில், இருப்பின் ஒரு பகுதி சிலிக்கான் வேலி வங்கியில் மாட்டியதும், 90 சென்ட்டுக்கும் கீழே போய் மீண்டது. காயின் எந்தத் தளத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ வர்த்தகத் தளம் திவாலான நாளில் பிட்காயின் வைத்திருந்தவரும் ஸ்டேபிள்காயின் வைத்திருந்தவரும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். விலை ஆடாமலே காணாமல் போகிற பணத்துக்கு 40% அதிகம்.

கேள்வி: பெரிய முதலீட்டு நிறுவனமான பிளாக்ராக்கே 2% வரைதான் சொல்லுது. நீங்க ஏன் 3ன்னு சொல்றீங்க?

நல்ல பிடி. 2024 டிசம்பரில் அவர்கள் சொன்னது 1 முதல் 2%, அதுவும் பிட்காயினுக்கு மட்டும். 2%ஐத் தாண்டினால் மொத்த ரிஸ்க்கில் அதன் பங்கு வேகமாக வளர்கிறது என்பது அவர்கள் வாதம். அதில் தவறு காண என்னால் முடியவில்லை. பிட்காயின் ஈடிஎஃப் விற்கிற நிறுவனமே 2%இல் நிறுத்துகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். என் 3, அது முழுதாகப் போனாலும் நான் திட்டத்தை மாற்ற வேண்டியிருக்காது என்ற அளவில் வைத்த எண். உங்களுக்கு அந்த எண் 1 ஆகவும் இருக்கலாம். இப்போதைக்கு என்னிடமே 1.5%தான் இருக்கிறது.