அறக்கொட்டி மருந்துக்குப் பழகுமா?

அன்புள்ள ஐயா,

போன மாரி வெள்ளாமைக்கு எங்கள் வட்டையில் அறக்கொட்டி விழுந்தது. மூன்று தரம் மருந்தடித்தும் தணியவில்லை. "பூச்சி மருந்துக்குப் பழகிட்டு மகள், இனி ஒண்டும் செய்யேலா" என்றார் மாமா. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இதுதான் இயற்கைத் தேர்வு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். பிறகு யோசித்தால், மாமா சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றா என்று சந்தேகம். உயிர் தப்பவேண்டும் என்று தானே பூச்சி மாறுகிறது?

– ஓர் ஆசிரியை, வெல்லாவெளி

அன்புள்ள ஆசிரியைக்கு,

இரண்டும் ஒன்றல்ல. சிக்கல் முழுவதும் "பழகிட்டு" என்ற சொல்லில்தான் இருக்கிறது. கசிப்புக் குடிக்கிறவர் பழகுகிறார். முதல் நாள் ஒரு கிளாசில் விழுந்தவருக்கு அடுத்த வருடம் மூன்று கிளாஸ் தேவைப்படுகிறது. ஆனால் அந்தப் பழக்கத்தோடு அவருடைய பிள்ளை பிறப்பதில்லை. வயலில் நடப்பது வேறு கதை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, வழிமுறை உண்மை. ஒரு வட்டையில் 10 இலட்சம் அறக்கொட்டி. அவற்றில் 10 மட்டும், மருந்தை உடைக்கிற நொதியத்தைக் கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கும் உடம்போடு பிறந்தவை. மருந்து வருவதற்கு முன்பே, பரம்பரையலகில் தற்செயலாக நேர்ந்த விகாரத்தால் அப்படிப் பிறந்தவை. மருந்து சாதாரணப் பூச்சியில் நூற்றுக்கு 99ஐக் கொல்லும், அந்தப் பத்தையும் கொல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அடி: சாதாரணம் 10,000 மிஞ்சும், மற்றது அதே 10. ஆயிரத்துக்கு ஒன்று. மாமா சந்தோசமாக வீட்டுக்குப் போவார். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை. இரண்டு கூட்டமும் நூறு மடங்காகப் பெருகினால் 10 இலட்சமும் 1,000மும். இரண்டாவது அடிக்குப் பிறகு 10,000க்கு 1,000. இன்னொரு பெருக்கம், இன்னொரு அடி: சாதாரணம் 10,000, தாங்குவது 1,00,000. இப்போது பதினொன்றில் பத்து மருந்துக்கு அசையாதவை.

இந்த மூன்று அடியிலும் ஒரு பூச்சிகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். சாகவேண்டியது செத்தது, தாங்கியது முட்டையிட்டது. மாறியது கூட்டத்தின் விகிதம் மட்டுமே. கூர்ப்பு நடப்பது தனி உயிரில் அல்ல, தலைமுறைகளாகத் தொடரும் கூட்டத்தில்தான். "தேர்வு" என்ற சொல்லும் பாவம், பிழையான படத்தைக் காட்டுகிறது. தேர்ந்தெடுக்கிறவர் என்று அங்கே யாரும் இல்லை.

மருந்துக்கு முன்பே அந்தப் பத்தும் இருந்தன என்று எப்படித் தெரியும்? 1952இல் ஜோசுவா லெடர்பேர்க்கும் எஸ்தர் லெடர்பேர்க்கும் இதைப் பற்றீரியாவில் காட்டினார்கள். மருந்தில்லாத தட்டில் வளர்ந்த பற்றீரியாக் கூட்டங்களை வெல்வெட் துணியால் ஒற்றியெடுத்து மருந்துள்ள தட்டில் பதித்தார்கள். பிழைத்தவை எந்த இடத்தில் என்று பார்த்து, மூலத் தட்டில் அதே இடத்துக்குத் திரும்பிப் போனார்கள். மருந்தின் வாடையே படாத அந்த இடத்தில் தாங்கும் பற்றீரியா ஏற்கெனவே இருந்தது. உங்கள் "உயிர் தப்பவேண்டும் என்று" இந்த இடத்தில்தான் அடிபட்டுப் போகிறது. தேவை விகாரத்தை வரவழைக்காது. அந்தப் பத்தும் இல்லாத வட்டையாக இருந்தால், பூச்சி எவ்வளவு தவித்தாலும் ஒவ்வொரு அடியிலும் நூற்றுக்கு 99 செத்துத்தான் போயிருக்கும்.

தாங்குவது "மேலான" பூச்சியும் அல்ல. அந்த நொதியத்தைக் கூடுதலாகச் சுரக்கவும் செலவு உண்டு. மருந்தில்லாத வயலில் பல வேளை அது மெதுவாக வளரும், முட்டையும் குறையும். அங்கே சாதாரணப் பூச்சிதான் கெட்டிக்காரன். எந்த வயல் என்று சொல்லாமல் எது பொருத்தமானது என்று சொல்லமுடியாது.

ஆனால் மாமாவின் வயலில் நடந்தது இதுதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். எதைக் கண்டாலும் இயற்கைத் தேர்வு என்பதும் ஒரு பிழையே. அறக்கொட்டி நெற்பயிரின் அடித்தண்டில் இருக்கும். மேலால் அடித்த மருந்து அங்கே போகாமல் இருந்திருக்கலாம். முட்டை இலையுறைக்குள் இருப்பதால் தப்பும். அதோடு மருந்து, அறக்கொட்டியைத் தின்னும் சிலந்திகளையும் கொன்றுவிடும். பிறகு பொரிக்கிற குஞ்சுகளைத் தின்ன ஆளில்லை. வெளியில் பார்க்க இவை மூன்றும் இயற்கைத் தேர்வும் ஒன்றுபோலவே தெரியும்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி: தப்பியவற்றைப் பிடித்து மருந்தில்லாமல் வலைக்குள் வளர்த்து, அடுத்த தலைமுறைக்கு அளந்து மருந்து கொடுப்பது. அதே அளவில் வேறிடத்துப் பூச்சி சாக, இவற்றின் பிள்ளைகள் தாங்கினால், அது பரம்பரை. விவசாய ஆராய்ச்சிக்காரர்கள் செய்வது ஏறக்குறைய இதைத்தான்.

மாமாவிடம் ஒன்று கேளுங்கள்: மூன்று தரமும் அடித்த போத்தல்களின் லேபிள் இருக்கிறதா? கடைக்காரர் மூன்று பெயரில் கொடுத்திருக்கலாம். மூன்றிலும் செயற்படு பொருள் இமிடாகுளோபிரிட் என்றிருந்தால், அவர் மருந்தை மாற்றவே இல்லை. என் கணக்கில் உள்ளதுபோல ஒரே அடியை மூன்று தரம் அடித்திருக்கிறார்.