பள்ளி முதல்வருக்கு எழுதும் கடிதம்: பாடப் பொருத்தமும் இலவசச் செயல்விளக்கமும்

கேள்வி: நாங்கள் சிறிய அளவில் அறிவியல் கிட் தயாரிக்கிறோம். பத்தாம் வகுப்பு மின்னியல் கிட்டுக்காகத் தமிழ்நாட்டுப் பள்ளி முதல்வர்களுக்குக் கடிதம் அனுப்பினால் பதிலே வருவதில்லை. பாடத்திட்டத்தோடு பொருந்துகிறது, இலவசமாகச் செய்து காட்டுகிறோம் என்றெல்லாம் எழுதியும் பயனில்லை. என்ன எழுத வேண்டும்?

பதில்: இயற்பியல் ஆசிரியையாக இருந்து, பிறகு பள்ளி நிர்வாகத்துக்கு வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். முதல்வர் உங்கள் கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பாருங்க மிஸ்" என்று அறிவியல் ஆசிரியரிடம் கொடுத்துவிடுவார். ஆகவே உறையின் மேல் முதல்வர் பெயர் இருந்தாலும், உள்ளே எழுதியிருப்பது பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்க்கும் ஆசிரியருக்கானதாக இருக்க வேண்டும்.

"சிபிஎஸ்இ மற்றும் மாநிலப் பாடத்திட்டத்துக்கு ஏற்றது" என்ற வரியை அவரால் சரிபார்க்க முடியாது. பழைய பாடநூலை வைத்து அச்சடித்த விளம்பரத்தாள் இன்னும் மோசம். பாடச்சுமைக் குறைப்புக்குப் பிறகு, என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு நூலில் 12ஆம் பாடமாக இருந்த மின்சாரம் 11ஆம் பாடமாகிவிட்டது. அடுத்த பாடத்தில் இருந்த மின்மோட்டாரும் மின்னியற்றியும் நீக்கப்பட்டுவிட்டன. உங்கள் கிட்டில் மோட்டார் மாதிரி இருந்தால், அதைப் பத்தாம் வகுப்புப் பாடப் பகுதி என்று எழுதாமல் கூடுதல் செயல்பாடு என்றே குறிப்பிடுங்கள். அந்த ஒரு சொல்லிலேயே நீங்கள் நூலைப் பார்த்தவர் என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு பாடத்திட்டங்களுக்கும் ஒரே கடிதம் போதாது. சிபிஎஸ்இ செய்முறையில் மின்னழுத்த வேறுபாட்டுக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டு வரைபடம் வரைய வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில், 25 மதிப்பெண் செய்முறைத் தேர்வில், கம்பியின் மின்தடை எண்ணைக் காண வேண்டும். அதற்குக் கம்பியின் விட்டத்தை அளக்கத் திருகு அளவி தேவை. அது கிட்டில் உண்டா, பள்ளியிடம் இருப்பதைப் பயன்படுத்த வேண்டுமா என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

செயல்விளக்கம் பெரும்பாலும் கெடுவது அளவிகளால்தான். என்சிஇஆர்டி செயல்பாடு 0.5 மீட்டர் நிக்ரோம் கம்பியையும், 1.5 வோல்ட் மின்கலங்கள் நான்கையும் கேட்கிறது. உங்கள் கம்பியின் மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கலத்துக்கு 0.15 ஆம்பியர், நான்கு கலங்களுக்கு 0.6 ஆம்பியர் வரும். கிட்டில் 500 மில்லி ஆம்பியர் வரை காட்டும் அம்மீட்டர் இருந்தால், நான்காவது கலத்தைச் சேர்த்ததும் முள் ஓரத்தில் போய் முட்டி நிற்கும். பின்வரிசையில் சிரிப்பு எழும். 1 ஆம்பியர் அளவி வையுங்கள், அல்லது மெல்லிய கம்பியாக மாற்றுங்கள். அதேபோல், கலம் பழசாகிப்போனால் வோல்ட்மீட்டர் 1.5க்குப் பதிலாக 1.3 காட்டும்; கிட் பழுது என்று ஆசிரியர் நினைத்துவிடக்கூடும். வோல்ட்மீட்டர் கம்பியின் இரு முனைகளில் இணைக்கப்பட்டிருப்பதால் அப்போது அம்மீட்டரும் 0.13 காட்டும், வகுத்தால் அதே 10 ஓம்தான் வரும் என்பதைச் செய்து காட்டுபவர் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். சுற்றை நெடுநேரம் மூடி வைத்தால் கம்பி சூடாகும், கலமும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அளவைக் குறித்ததும் சாவியைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் நிர்வாகத்துக்கு முதலில் வருவது சந்தேகம்தான். முன்பு ஒரு நிறுவனத்தார் இப்படி வந்து, பாடம் முடிந்ததும் பெற்றோரின் கைபேசி எண்ணைக் கேட்டு மாணவர்களிடம் படிவம் கொடுத்தார்கள். மறுநாள் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது எங்களுக்குத்தான். ஆகவே எது இலவசம், எதைச் செய்யமாட்டீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"தங்கள் பள்ளியில் மின்சாரம் பாடம் நடக்கும் வாரத்தில், ஆசிரியர் குறிக்கும் ஒரு பாடவேளையில், ஐந்து மாணவர்களுக்கு ஒரு கிட் வீதம் நாற்பது பேருக்கு எட்டு கிட்களுடன் எங்கள் பயிற்றுநர் ஒருவர் வருவார். பயணச் செலவும் மின்கலங்களும் எங்களுடையவை. வகுப்பாசிரியர் உடனிருப்பார். மாணவர்களிடம் விளம்பரத்தாள் கொடுக்கவோ, எந்த விவரத்தையும் கேட்கவோ, படம் எடுக்கவோ மாட்டோம். வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை."

நாற்பது நிமிடப் பாடவேளையில் இணைப்புக் கொடுக்கவே மாணவர்களுக்குக் கணிசமான நேரம் போய்விடும். ஆகவே இந்த ஒரு சோதனைக்கு மேல் ஆசைப்படாதீர்கள். பேசிப் பேசியே அரை மணி நேரத்தைக் கழித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அரசுப் பள்ளி என்றால் வழி வேறு. முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வெளியாரை வகுப்புக்குள் அழைக்கத் தலைமையாசிரியர் தயங்குவார். அனுமதியைப் பெற்று, அதன் நகலையும் இணைத்து அனுப்புங்கள்.

விலைப்பட்டியலை முதல் கடிதத்தோடு வைக்க வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கிட்டின் விலையையும், கம்பி, கலம், சாவி போன்றவற்றைத் தனியாக வாங்கினால் என்ன விலை என்பதையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். செயல்விளக்கம் முடிந்ததும் ஒரு கிட்டை ஒரு வாரம் ஆசிரியரிடமே விட்டுவிட்டு வாருங்கள். வாங்கலாமா என்று முதல்வர் கேட்கும்போது பதில் சொல்லப்போகிறவர் அவர்தான்.