இன்ஃபர்மேஷன் ரேஷியோ 0.2-ஆ, 0.69-ஆ?

“36 மாதத் தரவு. பெஞ்ச்மார்க்கைவிட மாதம் சராசரியாக 0.2% கூடுதல், டிராக்கிங் எரர் மாதம் 1%. இரண்டையும் 12-ஆல் பெருக்கினால் ரேஷியோ 0.2 வருகிறது. ஃபண்ட் அறிக்கையில் 0.69 என்று இருக்கிறதே?”

இன்ஃபர்மேஷன் ரேஷியோ என்பது பெஞ்ச்மார்க்கைவிடக் கிடைத்த கூடுதல் வருமானத்தை டிராக்கிங் எரரால் வகுத்தால் வருவது. இதில் டிராக்கிங் எரரை 12-ஆல் பெருக்கக் கூடாது. 12-இன் வர்க்கமூலத்தால், அதாவது 3.46-ஆல் பெருக்க வேண்டும். கூடுதல் வருமானம் மாதாமாதம் அப்படியே கூடிக்கொண்டு போகும். டிராக்கிங் எரர் என்பது அந்தக் கூடுதலின் திட்டவிலக்கம்; ஒரு மாத ஏற்றத்தை இன்னொரு மாத இறக்கம் ஓரளவு ஈடுகட்டிவிடுவதால் அது அவ்வளவு வேகமாக வளராது. ஆக ஆண்டுக் கூடுதல் 2.4 ÷ ஆண்டு டிராக்கிங் எரர் 3.46 = 0.69.

சரி, அறிக்கையின் எண்ணை நம்பலாமா? பெஞ்ச்மார்க்கில் டிவிடெண்ட் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெறும் விலைக் குறியீட்டோடு ஒப்பிட்டிருந்து, டிவிடெண்ட் ஆண்டுக்கு 1.5% என்றால், உண்மையான கூடுதல் 0.9% தான். டிராக்கிங் எரர் பெரிதாக மாறாது, ரேஷியோ மட்டும் 0.26-க்கு விழுந்துவிடும். மேனேஜரின் திறமை போலத் தெரிவதில் பாதிக்கு மேல் இப்படியே காணாமல் போகலாம்.

0.69 சரியாகவே இருந்தாலும் மூன்று ஆண்டு போதாது. ரேஷியோவை ஆண்டுகளின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் டி-மதிப்பு கிடைக்கும்: 0.69 × 1.73 = 1.2. அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்ல வழக்கமாக 2 கேட்பார்கள். இதே ரேஷியோவில் அதை எட்ட எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் மேனேஜரே மாறிவிடலாம் என்பது வேறு கதை.