முகடு பிரிவுக்கு வெளியே போகிறதே?

“10–20: 8 பேர், 20–30: 15, 30–40: 12. முகட்டுப் பிரிவு 20–30 தானே? சூத்திரத்தில் போட்டால் 6 வருகிறது.”

பிரிவு சரிதான். கீழே 2f போடாமல் வெறும் f போட்டிருக்கிறீர்கள். 15 − 8 − 12 = −5 ஆகி, விடை 20 − 14 = 6 ஆகிவிட்டது.

```
முகடு = l + (f − f1)/(2f − f1 − f2) × c
```

l என்பது முகட்டுப் பிரிவின் கீழ் எல்லை, 20. c பிரிவின் அகலம், 10. f அதன் நிகழ்வெண், 15. f1 முந்தைய பிரிவுடையது, f2 அடுத்ததுடையது.

இந்த 2f எங்கிருந்து வந்தது? இடப்பக்கத்தைவிட முகட்டுப் பிரிவு 15 − 8 = 7 உயரம், வலப்பக்கத்தைவிட 15 − 12 = 3 உயரம். இரண்டையும் கூட்டினால் 10. அதுதான் கீழே இருப்பது. இரண்டு கழித்தலிலும் f வருவதால் 2f. ஆக, 20–30 ஐ 7:3 என்று பிரிக்கிறோம்.

```
20 + (7/10) × 10 = 27
```

வலப்பக்கத்தில் 12 பேர் இருப்பதால் முகடு நடுவான 25 ஐத் தாண்டி அந்தப் பக்கம் சாய்கிறது. விடை 20–30 க்கு வெளியே போனால் எங்கோ தப்பு.

அப்புறம், பிரிவுகள் 11–20, 21–30 என்று இருந்தால் l 21 இல்லை, 20.5. நானும் இதில் மதிப்பெண் விட்டிருக்கிறேன்.