கஞ்சிக் கிண்ண அட்டை

"ஒன்றாம் வகுப்பு, 30 பிள்ளைகள். பாடங்களுக்கு நடுவே பட அட்டை காட்டி மூச்சுப் பயிற்சி கொடுத்தால், புஸ் புஸ் என்று ஊதிக் கூத்தடிக்கிறார்கள். ஓரிருவர் தலை சுற்றுகிறது என்கிறார்கள்."

வேகமாக ஊதும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது, தலைசுற்றல் அதனால்தான். அந்தப் பிள்ளையை உட்காரவைத்து இயல்பாக மூச்சுவிடச் சொல்லுங்கள். மெதுவாகச் செய்தும் தொடர்ந்தால் பெற்றோரிடம் தெரிவியுங்கள்.

உங்கள் அட்டையில் பலூன் இருக்கிறதா? எடுத்துவிடுங்கள். பலூனைக் கண்டால் எந்தக் குழந்தையும் பலமாகத்தான் ஊதும். நான் அதற்குப் பதிலாக ஆவி பறக்கும் கஞ்சிக் கிண்ணம் வரைந்தேன். "சிந்தாமல் ஆற்றுங்கள்" என்றதும் உதடுகள் குவிந்தன, ஊதல் தானாகவே மெல்லியதாகி நீண்டது. மூன்று முறை போதும். மூச்சை அடக்கச் சொல்லவே வேண்டாம்.

அதற்கு முன் உடம்பை நீட்டி முறிக்க விடுங்கள். துறுதுறுப்பு அடங்காமல் மூச்சில் கவனம் நிற்காது. தென்னை மர அட்டைக்குக் குதிகாலை உயர்த்திக் கைகளை மேலே நீட்டுவது, பூனை அட்டைக்கு மேசையில் கையூன்றி முதுகை வளைப்பது. கஞ்சி அட்டை எப்போதும் கடைசியில். மொத்தம் இரண்டு நிமிடம்.

அட்டையை உயர்த்தும்போது பேசாமல் நீங்களே செய்துகாட்டுங்கள். இரண்டு வாரம் இதே மூன்று அட்டைகளை மாற்றாதீர்கள். புது அட்டை வந்தாலே கூச்சலும் கூடவே வந்துவிடும்.