பிளாட் தவணைப் பணம்: அட்வான்ஸா, வருமானமா?

கேள்வி: கோவையில் 24 பிளாட் கட்டுகிறோம், பார்ட்னர்ஷிப் நிறுவனம். 16 பிளாட் புக் ஆகி, 2025 மார்ச் 31 வரை 4.20 கோடி ரூபாய் தவணையாக வந்திருக்கிறது. சாவி கொடுக்கும் வரை அதை அட்வான்ஸ் என்றே கணக்கில் வைத்திருக்கிறோம். முந்தைய புராஜெக்ட்களிலும் இதே முறைதான். இப்போது வருமான வரி அதிகாரி, "இதை ஏன் அந்த ஆண்டின் விற்பனையாக எடுக்கக் கூடாது?" என்று நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். என்ன பதில் தருவது? இந்தப் பணத்தில் பக்கத்து இடம் ஒன்றை வாங்கலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய ஆவணங்களில் முக்கியமான ஒன்றைக் கவனித்தேன். 16 பேரிடமும் ஒரே மாதிரி ஒப்பந்தம் போடவில்லை. பத்துப் பேருடன், முழு பிளாட்டுக்கும் சேர்த்து 60 லட்சத்துக்கு விற்பனை ஒப்பந்தம். மீதி ஆறு பேருக்கு, நம் ஊர் வழக்கப்படி, யூ.டி.எஸ். எனப்படும் பிரிபடாத நிலப் பங்கை முதலிலேயே கிரயம் செய்து கொடுத்துவிட்டு, கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள். கணக்கில் இரண்டு தொகையும் "அட்வான்ஸ்" என்ற ஒரே தலைப்பில் இருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் அவை வேறு வேறு.

முதலில் அந்தப் பத்துப் பேர். அவர்கள் தந்தது 2.60 கோடி. ஒப்பந்தப்படி உரிமையும் சுவாதீனமும் கடைசியில்தான் கைமாறுகின்றன. அதுவரை தீப்பிடித்தாலும் சுவர் விரிசல் விட்டாலும் நஷ்டம் உங்களுடையது. இப்படிப்பட்ட நிலையில் வந்த தவணை கடன் பொறுப்புதான், வருமானம் அல்ல. வேலை முடிந்த பிறகே லாபத்தைக் காட்டும் முறையை ஒருவர் தொடர்ந்து கடைப்பிடித்து வந்தால், அது ஏற்கத்தக்க கணக்கு முறையே என்று பிலஹரி இன்வெஸ்ட்மென்ட்ஸ் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது சீட்டுக் கம்பெனி பற்றிய வழக்கு என்றாலும், அதன் கொள்கை உங்களுக்கும் பயன்படும். முந்தைய புராஜெக்ட்களிலும் இதே முறையைப் பின்பற்றினீர்கள் என்பதை அந்த ஆண்டுகளின் ரிட்டர்ன்களோடு காட்டுங்கள்.

அதிகாரி இதை ஏற்காமல், வேலை முடிந்த சதவீதத்துக்கு ஏற்ப வருமானம் காட்ட வேண்டும் என்று சொன்னாலும் இந்த ஆண்டில் அவருக்கு எதுவும் கிடைக்காது. பட்டயக் கணக்காளர் கழகம் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பின்படி, நிலத்தின் விலையைச் சேர்க்காமல் கட்டுமானச் செலவில் 25 சதவீதமாவது ஆகியிருந்தால்தான் அந்த முறையில் வருமானம் காட்டத் தொடங்கலாம். உங்கள் மதிப்பீடு 8 கோடி, மார்ச் 31 வரை ஆன செலவு 1.44 கோடி, அதாவது 18 சதவீதம். பொறியாளர் சான்றிதழோடு இந்தக் கணக்கை இணையுங்கள். அடுத்த ஆண்டு 25-ஐத் தாண்டிவிட்டால் இந்த வாதம் போய்விடும். அப்போது நிற்கப் போவது ஒப்பந்தத்தின் வாசகமும் உங்கள் தொடர்ச்சியான கணக்கு முறையும் மட்டுமே.

ஆறு பேர் விஷயத்தில் உங்கள் நிலை பலவீனம். அவர்கள் தந்த 1.60 கோடியில் 72 லட்சம் யூ.டி.எஸ். விலை, பிளாட்டுக்கு 12 லட்சம் வீதம். கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டது, நிலம் அவர்கள் பெயருக்குப் போய்விட்டது. விற்றுவிட்ட பொருளுக்கு வாங்கிய பணத்தை அட்வான்ஸ் என்று சொல்லி நிற்பது கடினம். நிலமும் கட்டடமும் ஒரே பேரம்தான் என்று வாதிட இடமுண்டு. தனித்தனி விலையோடு தனித்தனி ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்திட்ட பிறகு அதை முதல் வாதமாக வைக்க நான் சொல்ல மாட்டேன். நிலத்தின் அசல் பிளாட்டுக்கு 10 லட்சம் என்பதால் 12 லட்சம் லாபம் வருகிறது. அதை ஒப்புக்கொள்வது நல்லது.

மீதி 88 லட்சம் கட்டுமான ஒப்பந்தத்தின் கீழ் வந்தது. இங்கே நீங்கள் அடுத்தவர் நிலத்தில் கட்டித் தரும் ஒப்பந்தக்காரர் ஆகிறீர்கள். ஒப்பந்தக்காரருக்கு வேலையின் சதவீதப்படி வருமானம் காட்டுவதை 43சிபி பிரிவு கட்டாயமாக்குகிறது. ஆனால் வேலை 25 சதவீதத்துக்குள் இருக்கும் வரை, ஆன செலவு அளவுக்கு மட்டும் வரவு காட்டினால் போதும் என்று வருமானத்தைக் கணக்கிட அரசு வகுத்த ஐ.சி.டி.எஸ். நெறிகளில் மூன்றாவது சொல்கிறது. ஆறு பிளாட்டின் பங்குச் செலவு 36 லட்சம். வரவும் 36 லட்சம், லாபம் பூஜ்யம். மிச்சம் 52 லட்சம் அட்வான்ஸாகவே இருக்கும். ஆக, 4.20 கோடியைக் குறிவைத்த நோட்டீஸில் நியாயமாகச் சேரக்கூடிய வருமானம் 12 லட்சம்தான். இந்தப் பிரிவினையை ஓர் அட்டவணையாகப் போட்டு, ஒவ்வொரு பிளாட்டின் ஒப்பந்த நகலோடு கொடுங்கள். 2024-25 நிதியாண்டு என்பதால் 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டமே பொருந்தும்.

பதில் எழுதும் முன் இரண்டு இடங்களைச் சரிபாருங்கள். அந்தப் பத்துப் பேர் தவணையில் பிடித்த ஒரு சதவீத டி.டி.எஸ். உங்கள் வரிப்பிடித்தப் பதிவான 26ஏஎஸ்-இல் வந்திருக்கும். நோட்டீஸுக்கு விதை பெரும்பாலும் அதுதான். வருமானத்தைத் தள்ளிவைத்தவர் அதற்குரிய டி.டி.எஸ்.ஸையும் தள்ளிவைக்க வேண்டும் என்பது 37பிஏ விதி. இந்த ஆண்டே மொத்தமாக உரிமை கோரியிருந்தால், உங்கள் வாதத்தை நீங்களே அடித்துவிட்டதாகும். இன்னொன்று, இந்தப் புராஜெக்டுக்கு வாங்கிய கடனின் வட்டி. வரவைத் தள்ளிவைத்துவிட்டு வட்டியை மட்டும் செலவெழுதி நஷ்டம் காட்டியிருந்தால் அதிகாரி அதை விடமாட்டார். அது நடப்பு வேலையின் மதிப்பில் சேர வேண்டும்.

ஜி.எஸ்.டி.யில் இந்தத் தள்ளிவைப்பே கிடையாது. நிறைவுச் சான்றிதழுக்கு முன் வரும் ஒவ்வொரு தவணைக்கும், பணம் வந்த தேதி, இன்வாய்ஸ் தேதி இரண்டில் எது முந்தியதோ அதை வைத்து வரி. 60 லட்சம் பிளாட்டுக்கு 5 சதவீதம், உள்ளீட்டு வரிக் கழிவு இல்லாமல். வருமான வரி பதிலில் "இன்னும் விற்பனையே நடக்கவில்லை" என்று எழுதிவிடாதீர்கள், ஜி.எஸ்.டி. கட்டியதைக் காட்டி அதே வாக்கியத்தை உங்களுக்கு எதிராகத் திருப்புவார்கள். "வருமானம் இன்னும் எழவில்லை" என்பதே சரியான சொல்.

பக்கத்து இடத்துக்கு வருகிறேன். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின்படி வாங்குபவர்களிடம் வந்ததில் 70 சதவீதம், உங்கள் விஷயத்தில் 2.94 கோடி, இந்தப் புராஜெக்டுக்கென்ற தனி வங்கிக் கணக்கில் போயிருக்க வேண்டும். இந்தக் கட்டடத்தின் செலவுக்கும் இதே மனையின் விலைக்கும் மட்டும், பொறியாளர், ஆர்க்கிடெக்ட், பட்டயக் கணக்காளர் மூவரின் சான்றோடு, முடிந்த வேலையின் சதவீத அளவுக்கே எடுக்க முடியும். அதைத் தொட்டு வேறு இடம் வாங்கினால் திட்ட மதிப்பீட்டில் 5 சதவீதம் வரை அபராதம். நிலமும் சேர்ந்து 10.40 கோடி என்றால் 52 லட்சம். ஆண்டுத் தணிக்கையில் அது தெரிந்துவிடும். மீதி 30 சதவீதமான 1.26 கோடியில் ஜி.எஸ்.டி., புரோக்கர் கமிஷன், விளம்பரச் செலவு போக மிஞ்சுவதை இடத்துக்கு அட்வான்ஸாகக் கொடுக்கலாம். அப்போதும் ஒரு பிளாட் ரத்தானால் திருப்பித் தர வேண்டிய பணம் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.